மூன்றடிப் படத்தில் முடியும் சரிகையும்

கல்யாண ஆல்பத்தோடு பெரிய படம் ஒன்றும் ஸ்டுடியோவிலிருந்து வரும். 24 அங்குல அகலம், 36 அங்குல உயரம். கூடத்துச் சுவரில் மாட்டுவதற்கென்று செய்தது. போனில் பார்த்தபோது குறை சொல்ல எதுவும் இல்லாத அதே படம்தான். மாட்டிவிட்டுக் கிட்டே போய்ப் பார்த்தால் முகம் மெழுகில் செய்தது போல வழவழக்கிறது. வகிட்டுக்கு இருபுறமும் முடி இழை இழையாக இல்லாமல் கறுப்பு மை தடவியது போல இருக்கிறது. பட்டுப் புடவையின் கரையில் சரிகை தெரியவில்லை, மஞ்சளாக ஏதோ இருக்கிறது. 'பிரிண்ட் சரியில்லை' என்பார்கள், 'கேமரா மட்டம்' என்பார்கள். பெரும்பாலும் இரண்டின் மேலும் குற்றம் இல்லை. டச்சிங் செய்தவர் வேலையை எந்த வரிசையில் செய்தார் என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

ஒரு படத்தை எடுத்துக்கொண்டு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். முகூர்த்த மேடையில் மணப்பெண். மிளகாய்ப்பழச் சிவப்பில் காஞ்சிபுரம் பட்டு, உடலில் வைர ஊசி என்று நெசவாளர்கள் சொல்லும் மெல்லிய கோடுகள், அகலமான சரிகைக் கரை, தலையில் மல்லிகை. எடுத்தது 24 மெகாபிக்சல் கேமரா. அதாவது படத்தில் 6000 புள்ளி நீளம், 4000 புள்ளி உயரம். அந்தப் புள்ளிதான் பிக்சல். போட்டோகிராபர் கேமராவைப் படுக்கையாகப் பிடித்து எடுத்துவிட்டார். மேடையில் அவசரத்தில் அப்படித்தான் நடக்கும். சுவருக்கு வேண்டியதோ நெட்டுப் படம். எனவே நடுவிலிருந்து வெட்டி எடுக்கிறோம். 4000 புள்ளி உயரத்தை அப்படியே வைத்துக்கொண்டால் அகலத்துக்கு 2667 புள்ளி கிடைக்கும். 24 மெகாபிக்சல் என்று நினைத்த படம் அந்த ஒரு வெட்டில் 11-க்கும் கீழே வந்துவிட்டது. 4000 புள்ளியை 36 அங்குலத்தில் பரப்பினால் அங்குலத்துக்கு 111 புள்ளி.

இது போதுமா என்பது எவ்வளவு தூரத்தில் நின்று பார்க்கிறோம் என்பதைப் பொறுத்தது. நல்ல பார்வை உள்ளவரின் கண், பாகையில் அறுபதில் ஒரு பங்கு கோணம் வரைக்கும் இரண்டு கோடுகளைப் பிரித்துப் பார்க்கும். அந்தக் கணக்கின்படி 111 புள்ளிப் படத்தை இரண்டரை அடிக்கு அப்பால் நின்று பார்த்தால் புள்ளி தெரியாது. சோபாவில் உட்கார்ந்து பார்ப்பவருக்குக் குறையே இல்லை. ஆனால் பெண்ணின் நகையைப் பார்க்க வரும் அத்தை இரண்டரை அடியில் நிற்க மாட்டார். ஒரு முழத்துக்கு வந்துவிடுவார். அந்தத் தூரத்துக்கு அங்குலத்துக்கு 190 புள்ளியாவது வேண்டும். கொஞ்சம் கூட்டி 200 என்று வைத்துக்கொள்வது வழக்கம். எங்கே போனாலும் 300 என்கிறார்களே என்றால், அது கையில் பிடித்துப் படிக்கும் புத்தகத்துக்கும் ஆல்பத்துக்கும் உரிய கணக்கு.

அங்குலத்துக்கு 200 என்றால் நமக்குத் தேவை 4800 × 7200. கையில் இருப்பது 2667 × 4000. எனவே 1.8 மடங்கு பெரிதாக்க வேண்டும். பெரிதாக்குவதால் புதிய விவரம் எதுவும் வந்துவிடாது. மாவு அதே கரண்டிதான், கல் பெரிதானால் தோசை மெலிகிறது. பிறகு ஏன் பெரிதாக்க வேண்டும்? நாம் செய்யாவிட்டால் வேறு யாராவது செய்வார்கள் என்பதால்தான். 36 அங்குலத் தாளில் அச்சிடச் சொன்னால், லேபின் மென்பொருளோ பிரிண்டரின் மென்பொருளோ குறைகிற புள்ளிகளைத் தானாக இட்டு நிரப்பிவிடும். அது நடப்பது கடைசியில், டச்சிங் எல்லாம் முடிந்த பிறகு, யார் கண்ணும் படாமல்.

டச்சிங் முடிந்த படத்தில் தோலும் முடியும் துணியும் ஒரே தன்மையில் இருக்காது. தோலில் இருந்த நுண்ணிய மணல்தன்மை போயிருக்கும், முடியில் அது மிச்சமிருக்கும். நெற்றியின் விளிம்பில் மென்மையாக்கலை நிறுத்திய இடத்தில் மூன்று புள்ளி அகலத்துக்கு ஒரு மங்கல் பட்டை இருக்கும். 111 புள்ளிப் படத்தில் மூன்று புள்ளி என்பது சுவரில் முக்கால் மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. முன்நெற்றியில் விழும் பூனைமுடியைவிட அது பல மடங்கு அகலம். அந்தப் பட்டைதான் 'முகத்தை வெட்டி ஒட்டினது மாதிரி இருக்கே' என்று சொல்ல வைக்கிறது. முதலிலேயே 200 புள்ளிக்குக் கொண்டுவந்துவிட்டு அதே மூன்று புள்ளி மங்கலோடு வேலை செய்திருந்தால் அந்தப் பட்டை பாதியாக மெலிந்திருக்கும். அதோடு படம் முழுவதும் ஒரே தன்மையில் இருக்கும்போதே பெரிதாக்கியிருப்போம், முகத்துக்கு ஒன்று துணிக்கு ஒன்று என்று ஆகியிருக்காது. எனவே இறுதி அளவை முடிவு செய்து ஃபைலை அந்த அளவுக்குக் கொண்டுவந்த பிறகுதான் முகத்தைத் தொட வேண்டும்.

முடி விஷயத்தில் இவ்வளவு பதற்றம் ஏன் என்பதற்கும் ஒரு கணக்கு உண்டு. நம் படத்தில் தலைக்கு மேலிருந்து முழங்கால் வரை ஏறக்குறைய 120 சென்டிமீட்டர் இருக்கிறது. அது 4000 புள்ளியில் அடங்கியிருக்கிறது. ஒரு புள்ளிக்குள் 0.3 மில்லிமீட்டர். தலைமுடியின் தடிமன் அதில் மூன்றில் ஒரு பங்குகூட இருக்காது. அப்படியானால் தனியாகப் பறக்கும் ஒரு முடி, படத்தில் முழுக் கறுப்புக் கோடாக வருவதில்லை. ஒரு புள்ளி அகலத்தில், பின்னணியைவிடக் கொஞ்சமே கருமையான நிழலாக வருகிறது. சரிகை இழைக்கும் இதே கதிதான். நாம் காப்பாற்ற நினைக்கும் விவரம் முழுவதும் ஒரு புள்ளிக்கும் அடுத்த புள்ளிக்கும் உள்ள சிறு வேறுபாட்டில்தான் இருக்கிறது. மென்மையாக்கும் எந்தக் கருவியும் முதலில் அழிப்பது அந்த வேறுபாட்டைத்தான்.

அதனால்தான் அனுபவமுள்ளவர்கள் ரா ஃபைலைக் கேட்கிறார்கள். கேமராவே தயாரித்துக் கொடுக்கும் ஜேபெக், படத்தை எட்டுக்கு எட்டுப் புள்ளிகள் கொண்ட கட்டங்களாகப் பிரித்து, கண்ணுக்குத் தெரியாது என்று அது கருதும் நுணுக்கங்களைக் கழித்துவிடுகிறது. போதாததற்குப் பல ஜேபெக்குகளில் வெளிச்சம் முழு அளவிலும் நிறம் அதில் பாதி நீள அகலத்திலும் பதிவாகிறது. சாம்பல் நிறக் கோட்டுக்கு இதனால் நஷ்டமில்லை. சிவப்புத் துணியில் தங்கச் சரிகை என்று வந்தால் வித்தியாசத்தில் பெரும்பகுதி நிறத்தில்தான் இருக்கிறது, அதனால் அடி அங்கே விழுகிறது. ரா ஃபைலில் இந்தக் கழிவு இல்லை. மேலும் ஜேபெக்கில் ஒவ்வொரு நிறத்துக்கும் 256 படிகள்தான். 14 பிட் ரா ஃபைலில் 16,384. கறுப்புக் கூந்தலின் நிழல் பகுதியைக் கொஞ்சம் வெளுப்பாக்கும்போது இந்த வித்தியாசம் பளிச்சென்று தெரியும். ஜேபெக்கில் கூந்தல் திட்டுத் திட்டாகிவிடும், ரா ஃபைலில் இழை மேலெழுந்து வரும்.

சிவப்புப் பட்டுக்கு இன்னொரு சங்கடமும் உண்டு. கேமரா சென்சாரின் ஒவ்வொரு புள்ளியும் ஒரே ஒரு நிறத்தைத்தான் பார்க்கும். நான்கு புள்ளிகளில் இரண்டு பச்சைக்கு, ஒன்று சிவப்புக்கு, ஒன்று நீலத்துக்கு. மிளகாய்ப்பழச் சிவப்பு பச்சையையும் நீலத்தையும் ஏறக்குறைய விழுங்கிவிடும் நிறம். எனவே அந்தப் புடவையின் மடிப்பும் நெசவும் நாலில் ஒரு புள்ளியில்தான் ஒழுங்காகப் பதிகின்றன. மற்றவை மென்பொருள் அக்கம் பக்கம் பார்த்து ஊகித்து நிரப்பியவை. அதே படத்தில் மாப்பிள்ளையின் வெள்ளைப் பட்டு வேட்டி கூர்மையாகத் தெரிய, பெண்ணின் சிவப்புப் புடவை குழம்பித் தெரிவதற்கு இதுவும் ஒரு காரணம்.

மண்டபத்தின் மஞ்சள் வெளிச்சம் சேர்ந்தால் சிவப்பு இன்னும் கூடிப்போய், அந்த நிறத்தின் அளவு உச்சத்தில் முட்டி நிற்கும். முட்டிய இடத்தில் மடிப்பு தெரியாது, தட்டையாகச் சிவப்பு மட்டும் இருக்கும். இதைக் கண்டுபிடிப்பது சுலபம். ரா ஃபைலைத் திறக்கும் மென்பொருளில் மூன்று நிறங்களுக்குமான வரைபடம் மூலையில் தெரியும். சிவப்பு மேடு வலது ஓரத்துச் சுவரில் ஏறி நின்றால் புடவை செத்துக்கொண்டிருக்கிறது என்று பொருள். அங்கேயே வெள்ளைச் சமநிலையைச் சரிசெய்து, வெளிச்சத்தை இறக்கி, நிற அடர்த்தியையும் குறைத்தால் மேடு உள்ளே வந்துவிடும். மடிப்புகள் திரும்பத் தெரியும். ஃபைலை எடுக்கும்போது sRGB-யில் எடுக்காமல் Adobe RGB அல்லது ProPhoto RGB-யில், 16 பிட்டில் எடுப்பதும் இதற்காகத்தான். sRGB-யின் எல்லைக்கு வெளியே இருக்கும் சிவப்புகள் எல்லாம் அந்த எல்லையில் வந்து ஒன்றாக ஒட்டிக்கொள்ளும். ஒட்டிய பிறகு பிரிக்க வழியில்லை.

ரா நிலையிலேயே முடிக்க வேண்டிய இன்னொரு வேலை மாரே. வைர ஊசிக் கோடுகளின் நெருக்கமும் சென்சார் புள்ளிகளின் நெருக்கமும் ஒன்றுக்கொன்று இடறினால், துணியில் இல்லாத அலைகள் வானவில் நிறத்தில் படத்தில் தோன்றும். இதைப் பெரிதாக்கிய பின் எடுப்பது பெரும்பாடு. லைட்ரூமிலும் கேமரா ராவிலும் இதற்கென்றே Moire என்று ஒரு தூரிகை இருக்கிறது. அலை தெரியும் இடத்தில் மட்டும் தடவினால் நிற அலை அடங்கும். முழுப் புடவைக்கும் தடவினால் சரிகையின் நிறம் பக்கத்துச் சிவப்போடு கலந்துவிடும்.

அடுத்தது இரைச்சல், ஆங்கிலத்தில் நாய்ஸ் என்பது. மண்டபத்தில் ISO 3200-இல் எடுத்த படத்தில் மணல் தூவியது போல அது இருக்கத்தான் செய்யும். அதில் இரண்டு வகை. பச்சையும் ஊதாவுமாகத் தெரியும் நிற இரைச்சலை ஓரளவு தாராளமாக நீக்கலாம். வெளிச்ச இரைச்சலில்தான் கையைக் கட்டிக்கொள்ள வேண்டும். ஒரு புள்ளி அகல முடிக்கும் ஒரு புள்ளி அகல இரைச்சலுக்கும் வித்தியாசம் மென்பொருளுக்குத் தெளிவாகத் தெரியாது. திரையில் மணலாக உறுத்துவது தாளில் பாதிகூடத் தெரியாது என்பதால், மிச்சம் வைத்துவிடுவதே மேல் என்பது என் கட்சி.

கூர்மையாக்குவதிலும் இப்போது அடக்கம் தேவை. ஷார்ப்பனிங் என்பது விளிம்பின் ஒருபக்கம் வெளுப்பும் மறுபக்கம் கறுப்பும் சேர்ப்பது. இந்தக் கட்டத்தில் ஒரு புள்ளி அகலத்துக்கு வெள்ளைக் கோடு விழுந்தால், 1.8 மடங்கு பெரிதாக்கும்போது அதுவும் ஏறக்குறைய இரண்டு புள்ளி ஆகும். கூந்தல் ஓரத்தில் நரைத்தது போல ஒளிவட்டம் தெரியும் படங்கள் இப்படி உருவானவைதான். ஆரத்தை 0.7, 0.8 அளவில் வைத்து, லென்ஸின் இயல்பான மங்கலைப் போக்கும் அளவுக்கு மட்டும் கொடுத்தால் போதும். முழுக் கூர்மை கடைசிக் கட்டத்து வேலை.

இனி பெரிதாக்கலாம். போட்டோஷாப்பில் Image Size-ஐத் திறந்து, உயரம் 7200 என்று கொடுத்து, Resample என்ற இடத்தில் Bicubic Smoother-ஐத் தேர்ந்தெடுப்பது பழைய, ஏமாற்றாத வழி. Preserve Details விளிம்புகளைக் கொஞ்சம் கூர்மையாக வைத்திருக்கும், அதனால் சரிகைக்கு நன்றாக இருக்கும், ஆனால் இரைச்சலையும் சேர்த்துத் தூக்கிக் காட்டும். இரண்டையும் செய்து, முகம், வகிடு, கரை மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு ஒன்றை வைத்துக்கொள்ள இரண்டு நிமிடம் ஆகும். 300 புள்ளிக்கே போய்விடலாமே என்ற ஆசை வரும். 2.7 மடங்கு பெரிதாக்க வேண்டும், புதிதாக ஒரு முடிகூட வராது, ஃபைல் மட்டும் இரண்டு மடங்குக்கு மேல் ஊதிவிடும். 200 புள்ளியிலேயே ஒரு லேயருக்கு 207 எம்பி. நாலைந்து லேயர் சேர்ந்தால் ஒரு ஜிபியைத் தாண்டும். PSD ஃபைலுக்கு 2 ஜிபிதான் எல்லை. அதற்கு மேல் போகும் என்று தோன்றினால் தொடக்கத்திலேயே PSB-யாகச் சேமித்துவிட வேண்டும். நள்ளிரவில் 'சேமிக்க முடியவில்லை' என்று வரும் அறிவிப்பு வேலை செய்பவரை அழவைக்கும்.

டச்சிங்கின் போது இரண்டு விஷயம் முக்கியம். முதலாவது, எந்தத் தொடுதலும் அசல் லேயரின் மேல் விழக்கூடாது. பருவையும் தழும்பையும் எடுக்க ஒரு வெற்று லேயர், நிழல் வெளிச்சத்தைச் சமன்செய்ய இன்னொன்று. தோலின் நிறத்தையும் நுணுக்கத்தையும் பிரித்து வேலை செய்பவர்கள், மாஸ்க்கை முடி தொடங்கும் இடத்துக்குச் சற்று முன்பே நிறுத்திவிட வேண்டும். புருவமும் இமையும் மாஸ்க்குக்கு வெளியே. வகிட்டோரத்துப் பூனைமுடியை முழுவதும் துடைத்தால் தலை டோப்பா போல ஆகிவிடும். முகத்தின் குறுக்கே விழும் இரண்டு மூன்றை எடுத்துவிட்டு மற்றதை விட்டுவிடலாம்.

இரண்டாவது, இடுப்பை மெலிதாக்கவும் தாடையைச் சரிசெய்யவும் பயன்படும் Liquify. இது புள்ளிகளை இழுத்து இடம் மாற்றுகிறது. இழுத்த இடமெல்லாம் புள்ளிகள் மறுபடி கணக்கிடப்பட்டு லேசாக மங்கும். மூன்று தடவை தனித்தனியாகத் திறந்து இழுத்தால் மூன்று தடவை மங்கும், எனவே ஒரே தடவையில் முடித்துவிட வேண்டும். கரைக்கும் வைர ஊசிக் கோடுகளுக்கும் மேல் அந்தக் கருவியிலுள்ள Freeze Mask தூரிகையைப் பூசி அசையாமல் நிறுத்திவிடலாம். இடுப்பு இரண்டு அங்குலம் குறைந்ததை யாரும் கவனிக்க மாட்டார்கள். நேர்க்கோடாக இருக்க வேண்டிய சரிகைக் கரை வளைந்தால், நெசவு தெரிந்த ஊரில் சின்னப் பிள்ளைகூடக் கண்டுபிடித்துவிடும்.

வேலை செய்யும்போது திரையில் முழுப் படத்தையும் அடக்கி வைத்துப் பார்ப்பதுதான் பெரும் ஏமாற்று. சாதாரணத் திரையின் உயரம் 1080 புள்ளி. 7200 புள்ளிப் படம் அதில் அடங்க ஏழில் ஒரு பங்காகச் சுருங்குகிறது. அந்த நிலையில் மெழுகு முகமும் அழகாகத்தான் இருக்கும். தூரிகை வைக்கும்போது 100 சதவீதத்தில் பார்க்க வேண்டும். சுவரில் எப்படித் தெரியும் என்று பார்க்க அது பொருந்தாது. 24 அங்குல முழு எச்டி திரையில் அங்குலத்துக்கு ஏறத்தாழ 92 புள்ளி. எனவே நம் 200 புள்ளிப் படத்தை 46 சதவீதத்தில் வைத்தால், திரையில் தெரியும் முகம் சுவரில் தெரியப்போகும் முகத்தின் அதே அளவில் இருக்கும். நாற்காலியைப் பின்னால் தள்ளிவிட்டுப் பார்க்கலாம்.

டச்சிங் முடிந்த மூல ஃபைலை அப்படியே வைத்துவிட்டு, ஒரு நகலில்தான் கடைசிக் கூர்மையைச் சேர்க்க வேண்டும். அது தாளைப் பொறுத்தது. பளபளப்புத் தாளுக்குக் கொஞ்சம் போதும். மேட் தாளும் கேன்வாஸும் மையை உறிஞ்சி விளிம்பை மழுக்குவதால் கூடுதலாக வேண்டும். திரையில் சற்று உறுத்தும் அளவுக்குக்கூடப் போகலாம். முகத்தின் தோலை மாஸ்க் செய்து விலக்கிவிட்டு, கண், முடி, துணி, நகை ஆகியவற்றுக்கு மட்டும் கொடுப்பது நல்லது. தோல் மிகவும் வழவழப்பாகத் தோன்றினால் மெல்லிய மணல்தன்மையைப் படம் முழுவதும் தூவினால் எல்லாம் ஒன்றாகச் சேரும். பிறகு லேப் கேட்கும் நிற முறைக்கு மாற்றி அனுப்ப வேண்டும்.

முழுப் படத்தையும் அச்சிடுவதற்கு முன் ஒரு துண்டு எடுத்துப் பார்ப்பது எட்டுக்குப் பத்து பிரிண்டின் செலவுதான். பெரிய ஃபைலிலிருந்து 1600 × 2000 புள்ளித் துண்டுகளை, சுருக்காமல், அப்படியே வெட்ட வேண்டும். ஒன்றில் வகிடும் நெற்றியும் ஒரு கண்ணும் வரட்டும், இன்னொன்றில் சரிகைக் கரை. அதே தாளில் அச்சிட்டு, சுவரில் குத்தி, ஒரு முழத்திலும் ஆறடியிலும் நின்று பார்க்கலாம். கூந்தலோரத்தில் வெள்ளைக் கோடு தெரிந்தால் கூர்மை அதிகம். தோலுக்கும் முடிக்கும் நடுவே மங்கல் பட்டை தெரிந்தால் மாஸ்க்கைத் திருத்த வேண்டும். கரையில் சிவப்பு தட்டையாக இருந்தால் சிக்கல் ரா நிலையில் இருக்கிறது, அங்கே போகாமல் தீராது.

இவ்வளவு செய்தும் திரும்ப வராத சில உண்டு. கண்ணில் ஃபோகஸ் விழாமல் காதில் விழுந்த படம், கை நடுங்கி எடுத்த படம், f/1.4-இல் எடுத்ததால் கண் கூர்மையாகவும் கரை முழுவதும் மங்கலாகவும் போன படம். இவற்றைப் பெரிதாக்கினால் குறைதான் பெரிதாகும்.

ஸ்டுடியோக்காரர்கள் அடிக்கடி கேட்கும் இன்னொரு கோரிக்கையும் இந்த வகைதான்: "அண்ணா, போட்டோ வாட்ஸ்அப்ல அனுப்பியிருக்கேன், மூணடிக்கு ஃப்ரேம் பண்ணிக் கொடுத்துடுங்க." சாதாரணமாக அனுப்பிய படத்தின் நீளப் பக்கம் ஏறத்தாழ 1600 புள்ளிக்குச் சுருங்கிவிடும். மூன்றடிக்கு அது அங்குலத்துக்கு 44 புள்ளி. அசல் ஃபைலை டாக்குமென்டாக அனுப்பச் சொல்லலாம், பென்டிரைவில் கொண்டுவரச் சொல்லலாம். அசல் தொலைந்தே போயிற்று என்றால், 1600-ஐ 200-ஆல் வகுத்தால் எட்டு. எட்டு அங்குலத்தில் ஃப்ரேம் போட்டு மேஜையில் வைக்கச் சொல்வதுதான் சரி.